குடும்பத் தேதிகளை மறக்காமல் காப்பது: பிறந்தநாள், மணநாள், நினைவு நாள் நினைவூட்டலை அமைக்கும் முழுமையான வழிகாட்டி

அப்பா இறந்த அடுத்த ஆண்டு, அவருடைய பிறந்தநாள் காலையில் என் போன் ஒலித்தது. "இன்று அப்பாவின் பிறந்தநாள், வாழ்த்து அனுப்புங்கள்" என்று கேக் படத்தோடு ஓர் அறிவிப்பு. அந்தச் செயலியில் தேதியைப் பதிந்து வைத்தவன் நான்தான். ஆனால் இறந்தவரின் பிறந்தநாளை அதில் வேறு மாதிரி குறிக்க வழி இல்லை. நினைவு நாளைப் பதிய ஒரு வகையும் இல்லை. அதையும் "பிறந்தநாள்" என்றே போட்டுவைக்க வேண்டியிருந்தது.

சில மாதம் கழித்துப் போனை மாற்றினேன். அந்தச் செயலி தேதிகளைப் பழைய போனுக்குள்ளேயே வைத்திருந்தது. புதிய போனில் திறந்தபோது பட்டியல் வெறுமையாக இருந்தது. மொத்தம் 31 தேதிகள். அம்மாவிடமும் அத்தையிடமும் கேட்டுத் திரும்பச் சேர்க்க ஒரு வாரம் ஆனது, இரண்டு தேதிகள் இன்னும் உறுதியாகத் தெரியவில்லை.

அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான்: தேதிகளைத் தனி நினைவூட்டல் செயலிக்குள் வைப்பதில்லை. போனில் ஏற்கெனவே இருக்கும் காலண்டரில், குடும்பத்துக்கென்று தனியாக உருவாக்கிய இரண்டு காலண்டர்களில் வைக்கிறேன். வேண்டுமென்றால் அழகான செயலி ஒன்றை மேலே பொருத்திக்கொள்ளலாம், ஆனால் மூலப்பட்டியல் அங்கே இருக்கக்கூடாது. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் புரிந்தால் படிகள் எளிது.

## தனிச் செயலி ஏன் சத்தமில்லாமல் நின்றுபோகிறது

பிறந்தநாள் செயலியை நாம் எப்போது திறக்கிறோம்? தேதிகளைப் பதியும் அன்று. பிறகு மாதக்கணக்கில் திறப்பதே இல்லை, தானாகச் சொல்லும் என்று நம்பியிருக்கிறோம். இன்றைய போன்கள் இந்த மாதிரிச் செயலியைத்தான் "பயன்படாதது" என்று எடுத்துக்கொள்கின்றன.

ஆண்ட்ராய்டு 11 முதல், சில மாதங்கள் திறக்கப்படாத செயலியிடமிருந்து கொடுத்த அனுமதிகளைப் போன் தானே திரும்பப் பெற்றுவிடும். ஆண்ட்ராய்டு 12 முதல் இன்னும் ஒரு படி மேலே போய் அந்தச் செயலியை உறக்க நிலைக்கே அனுப்பிவிடும். அது பின்னணியில் வேலை செய்யாது, அறிவிப்பும் தராது. வந்த அறிவிப்பைத் தட்டித் திறந்தால் பயன்படுத்தியதாகக் கணக்கு. விரலால் ஒதுக்கித் தள்ளினால் கணக்கில் வராது. நாம் பெரும்பாலும் ஒதுக்கித்தான் தள்ளுகிறோம்.

ஐபோனில் சிக்கல் வேறு வகை. ஒரு செயலி முன்கூட்டியே வரிசையில் வைக்கக்கூடிய, போனிலிருந்தே எழும் அறிவிப்புகளின் எண்ணிக்கை 64. நாற்பது பேருக்கு ஆளுக்கு இரண்டு நினைவூட்டல் என்றால் 80 ஆகிவிடுகிறது. மீதி 16 வரிசையில் ஏறவே இல்லை. இடையில் செயலியைத் திறந்தால் நன்றாக எழுதப்பட்ட செயலி வரிசையைப் புதுப்பித்துக்கொள்ளும். திறக்காவிட்டால், ஒரு கட்டத்துக்கு மேல் எதுவும் வராது. நாமோ "இந்த மாதம் யாருக்கும் பிறந்தநாள் இல்லை போல" என்று இருந்துவிடுவோம்.

காலண்டர் செயலி இந்த இரண்டிலிருந்தும் ஓரளவு தப்பிக்கிறது. வேறு வேலைகளுக்காக அதை அடிக்கடி திறக்கிறோம், தேதிகளும் போனில் மட்டும் இல்லாமல் நம் இணையக் கணக்கிலும் இருக்கின்றன. போன் தொலைந்தாலும் உடைந்தாலும் அவை போகாது.

## முதல் படி: போனுக்கு முன்னால் பட்டியல்

ஒரு விரிதாளிலோ தாளிலோ ஐந்து பத்திகள் போடுங்கள்: யார், என்ன நாள், தேதி, ஆண்டு, யார் உறுதி செய்தது. கடைசிப் பத்தியைத் தவிர்க்காதீர்கள். சான்றிதழில் உள்ள பிறந்த தேதியும் வீட்டில் சொல்லும் தேதியும் பலருக்கு வேறு வேறாக இருக்கும். எதை வைப்பது என்பதை அவரிடமே கேட்டு எழுதுங்கள். "அம்மா சொன்னது", "அண்ணி நேரில் சொன்னது" என்று ஒரு சொல் போதும், பிறகு சந்தேகம் வரும்போது உதவும்.

ஆண்டு தெரியவில்லை என்றால் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். தொடர்புப் பட்டியலில் ஆண்டு இல்லாமல் பதிந்த பிறந்தநாளை ஆப்பிள் போன்கள் உள்ளுக்குள் 1604 என்று வைத்துக்கொள்கின்றன. அதை வேறு செயலிக்கு ஏற்றுமதி செய்தால் சித்தப்பாவுக்கு நானூற்றுச் சொச்சம் வயது என்று காட்டக்கூடும். அப்படி ஒரு வயதைப் பார்த்தால் தேதி கெட்டுவிட்டதே என்று பதற வேண்டாம். நாளும் மாதமும் சரியாகவே இருக்கும்.

## இரண்டாம் படி: இரண்டு காலண்டர், ஒன்று போதாது

இந்த முறையில் நான் அதிகம் யோசித்த இடம் இது. பிறந்தநாளுக்கும் நினைவு நாளுக்கும் ஒரே மாதிரி அறிவிப்பு பொருந்தாது. வாழ்த்து சொல்ல வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்னால் ஒன்று, அன்று காலை ஒன்று வேண்டும். நினைவு நாளுக்கு, அலுவலகத்தில் விடுப்புக் கேட்கவோ ஊருக்குப் பயணச்சீட்டு எடுக்கவோ இன்னும் முன்னால் தெரிய வேண்டும். அன்று காலை வேலைக்கு ஓடும்போது திடீரென்று வந்து நிற்பதைவிட, முந்தைய நாள் மாலை அமைதியாகச் சொன்னால் நல்லது.

கூகுள் காலண்டரில் அறிவிப்பு நேரத்தை ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனித்தனியாக வைக்கலாம். ஆனால் 31 நிகழ்வுகளுக்கு அப்படிச் செய்தால் நான்கைந்தில் பிழை வந்தே தீரும். காலண்டர் அளவில் ஒருமுறை வைத்துவிட்டால் அதில் சேரும் எல்லா நிகழ்வும் அதையே எடுத்துக்கொள்ளும். அதனால் இரண்டு காலண்டர்: ஒன்றுக்குப் பெயர் "பிறந்தநாள், மணநாள்", மற்றதற்கு "நினைவு நாட்கள்".

புதிய காலண்டரைப் போன் செயலியில் தேடி அலைய வேண்டாம், கணினியில் உலாவியைத் திறந்து செய்யுங்கள். calendar.google.com போய், இடப்பக்கம் Other calendars பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைத் தட்டி, Create new calendar தேர்ந்தெடுங்கள். பெயர் கொடுத்துச் சேமித்த பின், அதே காலண்டரின் அமைப்புகளுக்குள் போய் All-day event notifications என்ற பகுதியைத் தேடுங்கள். முழுநாள் நிகழ்வுகளுக்கான அறிவிப்பு இங்கேதான் இருக்கிறது. இதன் மேலே Event notifications என்று இன்னொன்று இருக்கும், அது மணிக்கணக்கில் வைக்கும் நிகழ்வுகளுக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு மேலே உள்ளதில் வைத்துவிட்டால், பிறந்தநாளுக்கு எந்த அறிவிப்பும் வராது. நான் பார்த்த தவறுகளில் அடிக்கடி நேர்வது இதுதான்.

முதல் காலண்டருக்கு: 1 வாரம் முன்னால் இரவு 8:00, பிறகு அதே நாள் காலை 7:30. இரண்டாவதற்கு: 3 வாரம் முன்னால் இரவு 8:00, பிறகு 1 நாள் முன்னால் மாலை 6:00. நேரத்தை உங்கள் நாளுக்கு ஏற்ப மாற்றுங்கள், ஆனால் ஒன்றை மட்டும் பாருங்கள்: அறிவிப்பு வரும் நேரத்தில் உங்களால் ஏதாவது செய்ய முடிய வேண்டும். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் 9 மணிக்கு வரும் அறிவிப்பு, பார்த்தும் மறந்துபோகும் அறிவிப்பு. முன்கூட்டி வைப்பதில் நான்கு வாரம்தான் எல்லை. அதற்கும் மேலே தேவையென்றால் அந்தத் தேதிக்குத் தனியாக ஒரு நிகழ்வு போட வேண்டும்.

ஐபோனின் சொந்தக் காலண்டரைப் பயன்படுத்துவோருக்கு இவ்வளவு நெகிழ்வு இல்லை. முழுநாள் நிகழ்வுக்கு அறிவிப்பு காலை 9 மணிக்கு என்றுதான் வரும், ஒரு நிகழ்வுக்கு Alert, Second Alert என்று இரண்டு வைக்கலாம். அது போதும் என்றால் சரி. போதாதென்றால் ஐபோனிலேயே கூகுள் காலண்டர் செயலியை நிறுவிக்கொள்ளலாம்.

## மூன்றாம் படி: தேதிகளைப் பதிதல், ஒரு குடும்பத்தை வைத்து

எங்கள் வீட்டிலிருந்து நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

சித்தியின் பிறந்தநாள் ஏப்ரல் 12, பிறந்தது 1968. புதிய நிகழ்வு, All day தேர்வு, Annually on April 12 என்ற மறுநிகழ்வு, காலண்டர் "பிறந்தநாள், மணநாள்". தலைப்பில் "சித்தி பிறந்தநாள் (1968)" என்று ஆண்டையும் எழுதுங்கள். அப்போது அறுபது நிறைவது எப்போது என்பது அறிவிப்பிலேயே தெரியும். தொடக்கத் தேதியாக 1968-ஐப் போட வேண்டாம். மிகப் பழைய தேதிகளில் சில செயலிகள் தடுமாறும், இந்த ஆண்டிலிருந்து தொடங்கினால் போதும். விவரப் பகுதியில் சித்தியின் போன் எண்ணை எழுதுங்கள். அறிவிப்பைத் தட்டினால் எண் கையில் இருக்கும். "அப்புறம் கூப்பிடலாம்" என்று தள்ளிப்போவது பாதி குறையும்.

நேரம் குறித்து வைக்காமல் முழுநாளாக வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. காலை 7:00 என்று நேரம் போட்டு வைத்த நிகழ்வு, நீங்கள் வேறு நேர மண்டலத்துக்குப் போகும்போது இடம் மாறும், சில ஊர்களில் முந்தைய நாளுக்கே நகர்ந்துவிடும். முழுநாள் நிகழ்வு எங்கே போனாலும் ஏப்ரல் 12-இலேயே நிற்கும்.

அண்ணன், அண்ணி மணநாள் எளிது, அதே முறைதான். தலைப்பில் இருவர் பெயரையும் ஆண்டையும் போடுங்கள், அவ்வளவே.

அப்பாவின் நினைவு நாள் செப்டம்பர் 3, 2016. இது "நினைவு நாட்கள்" காலண்டரில். தலைப்பு "அப்பா நினைவு நாள் (2016)". இந்தத் தலைப்பு பூட்டிய திரையிலும் தெரியும், பக்கத்தில் இருப்பவர் கண்ணிலும் படும். அதற்கு ஏற்றபடி எழுதுங்கள், எனக்கு இந்த மூன்று சொற்கள் போதுமாக இருந்தன. படக்குறிகள் எதுவும் சேர்க்கவில்லை.

நான்காவது, அண்ணன் மகனின் பிறந்தநாள்: பிப்ரவரி 29, 2020. இங்கேதான் காலண்டர் ஏமாற்றும். பிப்ரவரி 29 அன்று ஆண்டுதோறும் என்று வைத்தால், அந்தத் தேதி இல்லாத ஆண்டுகளைக் காலண்டர் விட்டுவிடும். காலண்டர் கோப்புகளுக்கான பொது விதியே அப்படித்தான். அடுத்த அறிவிப்பு 2028-இல்தான் வரும். இடைப்பட்ட ஆண்டுகளில் பிள்ளை காத்திருப்பான். சுலபமான வழி, பிப்ரவரி 28-இல் ஆண்டுதோறும் வைத்து, தலைப்பில் "உண்மைத் தேதி 29" என்று எழுதுவது. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், கீழே உள்ளதை உரைத் திருத்தியில் ஒட்டி, `.ics` என்று முடியும் பெயரில், UTF-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். வேறு குறியாக்கத்தில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து வரும்.

```
BEGIN:VCALENDAR
VERSION:2.0
PRODID:-//kudumbam//naatkal//TA
BEGIN:VEVENT
UID:feb29-2020@kudumbam
DTSTAMP:20260101T000000Z
DTSTART;VALUE=DATE:20260228
RRULE:FREQ=YEARLY;BYMONTH=2;BYMONTHDAY=-1
SUMMARY:அண்ணன் மகன் பிறந்தநாள் (2020)
END:VEVENT
END:VCALENDAR
```

`BYMONTHDAY=-1` என்றால் மாதத்தின் கடைசி நாள். சாதாரண ஆண்டில் 28, லீப் ஆண்டில் 29. கூகுள் காலண்டரின் அமைப்புகளில் Import & export பகுதியில் இந்தக் கோப்பை ஏற்றி, எந்தக் காலண்டருக்குள் போக வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள். ஏற்றியதும் 2027 பிப்ரவரியையும் 2028 பிப்ரவரியையும் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிறையத் தேதிகள் இருப்பவர்கள் விரிதாளையே CSV கோப்பாக ஏற்றலாமே என்று நினைப்பார்கள். ஏற்றலாம். ஆனால் CSV-இல் "ஆண்டுதோறும்" என்பது வராது, ஒவ்வொரு நிகழ்வும் ஒரே ஒருமுறைதான் பதியும். முதல் ஆண்டு எல்லாம் சரியாக நடக்கும், இரண்டாம் ஆண்டு ஒன்றும் வராது. முப்பது நாற்பது தேதிகள் என்றால் கையால் பதிவதே நல்லது, ஒரு மாலை போதும்.

சந்திரக் கணக்கில் வரும் நாட்களை மட்டும் ஆண்டுதோறும் என்று வைக்கவே கூடாது. சந்திர ஆண்டு ஏறக்குறைய 354 நாள். அதனால் அந்த நாள் நம் காலண்டரில் ஒவ்வொரு ஆண்டும் வேறு தேதியில் விழும். இவற்றை ஒருமுறை நிகழ்வாகப் பதிந்து, ஆண்டில் ஒரு நாளைக் குறித்து, "அடுத்த ஆண்டுத் தேதிகளைப் பார்த்துப் பதிய வேண்டும்" என்று அதற்கு ஒரு நினைவூட்டல் வையுங்கள். இந்த நினைவூட்டல் மட்டும் ஆண்டுதோறும் வரலாம்.

## நான்காம் படி: சோதனை

அமைத்துவிட்டு அப்படியே நம்பிவிடாதீர்கள். "நினைவு நாட்கள்" காலண்டரில் இன்றைய தேதியில் "சோதனை" என்று ஒரு முழுநாள் நிகழ்வு போட்டு, அதற்கு மட்டும் அதே நாளில் இன்னும் பத்து நிமிடத்தில் வரும்படி அறிவிப்பை மாற்றுங்கள். போனைப் பூட்டி மேசையில் வையுங்கள். பூட்டிய திரையில் ஒலியோடு வந்தால் சரி.

வரவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில், போன் அமைப்புகளில் காலண்டர் செயலிக்கு அறிவிப்பு அனுமதி இருக்கிறதா? ஆண்ட்ராய்டு 13 முதல் இதைத் தனியாகக் கொடுக்க வேண்டும், அவசரத்தில் மறுத்திருந்தால் நினைவிருக்காது. இரண்டாவது, காலண்டர் செயலியின் உள்ளே புதிய இரண்டு காலண்டர்களும் போனோடு ஒத்திசைகின்றனவா? கணினியில் உருவாக்கியது போனில் குறியிடப்படாமல் இருக்கலாம். மூன்றாவது, பேட்டரிச் சேமிப்பு. செயலியின் தகவல் பக்கத்தில் பேட்டரிப் பகுதியில் கட்டுப்பாடு இருந்தால் எடுத்துவிடுங்கள். அதே பக்கத்தில் Pause app activity if unused அல்லது அதைப் போன்ற பெயரில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். அழகுக்காகத் தனிப் பிறந்தநாள் செயலி வைத்திருந்தால், அதற்கு இந்தச் சுவிட்சை அணைப்பது கட்டாயம்.

தொடர்புப் பட்டியலில் ஏற்கெனவே பிறந்தநாள்கள் இருந்தால், காலண்டரில் Birthdays என்று தானாக ஒரு வரிசை வரும். அதை மறைத்துவிடுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு அறிவிப்பு வந்தால் நாளடைவில் இரண்டையும் பார்க்காமல் தள்ளத் தொடங்குவோம்.

## குடும்பத்தோடு பகிர்தல்

காலண்டரை அண்ணனோடும் தங்கையோடும் பகிரலாம், அமைப்புகளில் அவர்கள் மின்னஞ்சலைச் சேர்த்தால் போதும். ஒருவருக்கு மட்டும் திருத்தும் உரிமை கொடுங்கள், மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமை போதும். பொதுவாக எல்லாருக்கும் திறந்துவிடும் தேர்வை மட்டும் தொடாதீர்கள். பெயர், பிறந்த தேதி, ஆண்டு மூன்றும் சேர்ந்தால் ஒருவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வங்கிகள் கேட்பதில் பாதி அங்கேயே இருக்கிறது. உங்கள் தொடர்புப் பட்டியல் முழுவதையும் கேட்கும் இலவசச் செயலிகளிடம் நான் தயங்குவதும் இதனால்தான்.

பகிர்ந்ததும் எல்லாருக்கும் அறிவிப்பு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். தேதிகள் போகும், அறிவிப்பு நேரம் போகாது. அது ஒவ்வொருவரும் தம் கணக்கில் தாமே வைக்க வேண்டியது. எங்கள் தங்கைக்கு இரண்டு மாதம் எதுவும் வரவில்லை. அவள் கணக்கில் All-day event notifications வெறுமையாக இருந்தது.

## ஒருவர் போனபின் செய்ய வேண்டியது

இதை அந்த வாரமே செய்ய வேண்டியதில்லை. ஆனால் அடுத்த பிறந்தநாள் வருவதற்குள் செய்துவிடுங்கள், வீட்டில் மனம் கொஞ்சம் நிதானத்தில் இருக்கும் யாராவது செய்யட்டும்.

அவருடைய பிறந்தநாள் நிகழ்வைத் திறந்து, தலைப்பை மாற்றி, காலண்டரை "நினைவு நாட்கள்" என்று மாற்றுங்கள். சேமிக்கும்போது This and following events என்று கேட்டால் அதைத் தேர்ந்தெடுங்கள், பழைய ஆண்டுகள் இருந்தபடியே இருக்கும். காலண்டரை மாற்ற விடாமல் தடுத்தால், பழைய தொடரை அன்றோடு முடித்துவிட்டு மற்றதில் புதிதாகத் தொடங்குங்கள். தொடர்புப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே உள்ள பிறந்தநாளை நீக்கிவிடுங்கள், எண்ணை நீக்க வேண்டாம். "வாழ்த்து அனுப்புங்கள்" என்று கேட்பவை பெரும்பாலும் அந்தப் பிறந்தநாளைத்தான் படிக்கின்றன. ஃபேஸ்புக்கில் அவர் கணக்கு இருந்தால் அதை நினைவுக் கணக்காக மாற்றக் கோரலாம், மாற்றியபின் பிறந்தநாள் நினைவூட்டலில் அந்தப் பெயர் வராது.

மணநாளை மட்டும் நீங்களே முடிவு செய்யாதீர்கள். அம்மாவிடம் கேட்டேன். "அதை எடுக்காதே, அன்றைக்கு நீ கூப்பிட்டால் போதும்" என்றார். அந்த நாள் இப்போது நினைவு நாட்கள் காலண்டரில் இருக்கிறது, முந்தைய நாள் மாலை 6 மணிக்கு அறிவிப்பு வருகிறது.

## பிரதி எடுத்து வைத்தல்

ஆண்டுக்கு ஒருமுறை, கணினியில் Import & export பகுதியில் Export தட்டுங்கள். ஒரு சுருக்கிய கோப்பு இறங்கும், அதற்குள் ஒவ்வொரு காலண்டருக்கும் ஒரு `.ics` கோப்பு இருக்கும். அதை உங்கள் கணக்குக்கு வெளியே, வேறொரு வட்டிலோ குடும்பத்தில் இன்னொருவரிடமோ வையுங்கள். கணக்கே பூட்டப்பட்டுவிட்டால் காப்பாற்றுவது இந்தக் கோப்புதான். பெரும்பாலான காலண்டர் செயலிகள் இதைப் படிக்கும். இறக்கியதும் உரைத் திருத்தியில் திறந்து `BEGIN:VEVENT` எத்தனை முறை வருகிறது என்று தேடிப் பாருங்கள். பட்டியலில் உள்ள எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால் ஏதோ ஒரு தேதி விடுபட்டிருக்கிறது, அன்றே தேடிச் சேர்த்துவிடுங்கள்.